தோட்டக்காரருக்கு இரண்டு வரி

1994-ல் எம்.ஏ. ஆங்கிலம் முதலாண்டு படித்துக்கொண்டிருந்தேன். நெல்லைப் பக்கத்தில் ஒரு கல்லூரி. 'பிராக்டிகல் கிரிட்டிசிசம்' என்று ஒரு தாள் உண்டு. அதற்கான இன்டர்னல் தேர்வுக்கு ஒரு மணி நேரம், இருபது மதிப்பெண். உள்ளே போனதும் கால் பக்க ஜெராக்ஸ் ஒன்றைக் கொடுப்பார்கள். எழுதியவர் பெயரோ தலைப்போ அதில் இருக்காது. ஏதோ ஒரு சிறுகதையின் முதல் பத்தி மட்டும் இருக்கும். அந்தப் பத்திக்குள் தொனி எங்கே மாறுகிறது, எதனால் மாறுகிறது, மாறியதால் என்ன ஆகிறது என்று எழுத வேண்டும்.

தாளைத் திருப்பியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தெரிந்த கதை! காதரீன் மான்ஸ்ஃபீல்ட் எழுதிய 'தி கார்டன் பார்ட்டி'. பி.ஏ.வில் படித்திருந்தேன். பக்கத்து பெஞ்சில் இருந்தவன் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருக்க, நான் முதல் நிமிடத்திலேயே எழுத ஆரம்பித்துவிட்டேன். மான்ஸ்ஃபீல்ட் 1888-ல் நியூசிலாந்தின் வெலிங்டனில் பிறந்தார், 1923-ல் காசநோயால் இறந்தார், இந்தக் கதை 1922-ல் வந்த தொகுப்பில் இருக்கிறது. பிறகு கதைக்குள் போனேன். பணக்கார வீட்டில் விருந்து. கீழே குடிசைப் பக்கம் ஸ்காட் என்ற வண்டிக்காரன் இறந்துபோகிறான். விருந்தை நிறுத்தலாம் என்கிறாள் லாரா. அம்மா ஒரு தொப்பியைத் தலையில் வைத்து வாயை அடைக்கிறாள். மிச்சமான பலகாரத்தைக் கூடையில் போட்டுச் சாவு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ஆகவே முதல் பத்தியின் தொனி மகிழ்ச்சியும் அழகும் முரணும் கலந்தது என்று முடித்தேன். அடிஷனல் ஷீட் வாங்கி ஆறு பக்கம்.

இருபதுக்கு ஆறு வந்தது. பக்கத்துக்கு ஒன்று.

பாடம் எடுத்த சார் ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது. தாளைக் கையில் தரும்போது சத்தம் போடவில்லை. "என்னடே, கேட்டது முதல் பத்தி. நீ கடைசிப் பத்திய எழுதி வச்சிருக்க" என்றார். வண்டிக்காரன் சாவு இந்தத் தாளில் எங்கே இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டச் சொன்னார். காட்ட முடியவில்லை. அந்தப் பத்தியில் யாரும் சாகவில்லை. லாராகூட இன்னும் வரவில்லை. ஆறு பக்கத்தில் அந்தத் தாளைப் பற்றி நான் எழுதியிருந்தது மொத்தம் நாலு வரி. அந்த நாலிலும் இருந்தவை பெயரடைகள்: மகிழ்ச்சியான, அழகான, முரணான.

"சனிக்கிழம வீட்டுக்கு வா. பென்சில் மட்டும் கொண்டா" என்றார்.

அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து முதலில் பேசியது மான்ஸ்ஃபீல்டைப் பற்றி அல்ல, 'தொனி' என்ற சொல்லைப் பற்றி. அந்தச் சொல்லே நம்மைக் கெடுக்கிறது என்பது அவர் கட்சி. வடமொழி அணி நூலார் 'த்வனி' என்றது குறிப்பால் உணர்த்தும் பொருளை. காஷ்மீரத்து ஆனந்தவர்த்தனர் ஒன்பதாம் நூற்றாண்டில் அதற்கென்றே ஒரு நூல் செய்திருக்கிறார். நாம் அதே சொல்லை எடுத்து ஆங்கிலத்து 'டோன்' மேல் ஒட்டிவிட்டோம். அதனால் தமிழ்ப் பையன் தொனி என்றதும் உள்ளே புதைந்த அர்த்தத்தைத் தோண்டக் கிளம்பிவிடுகிறான். டோன் புதைந்து கிடப்பதில்லை, காதில் விழுவது.

ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜில் மாணவர்களிடம் பெயரில்லாத கவிதைகளைக் கொடுத்துக் கருத்து எழுதி வாங்கினார். அந்தத் தாள்களை வைத்து 1929-ல் அவர் போட்ட புத்தகத்தின் பெயர்தான் எங்கள் தாளுக்கும் பெயர். ஒரு கூற்றின் அர்த்தத்தை அவர் நாலாகப் பிரிக்கிறார். சொல்லும் செய்தி ஒன்று, சொல்லப்படும் பொருளின் மேல் சொல்பவருக்குள்ள உணர்ச்சி ஒன்று, கேட்பவரிடம் சொல்பவர் நடந்துகொள்ளும் முறை ஒன்று, நோக்கம் ஒன்று. மூன்றாவதுதான் டோன். இதை நாங்கள் நோட்ஸில் மனப்பாடம் செய்திருந்தோம். அப்படியிருந்தும் தேர்வில் எல்லோரும் இரண்டாவதைத்தான் எழுதினோம். மகிழ்ச்சி, சோகம், வெறுப்பு எல்லாம் உணர்ச்சிப் பெயர்கள். அவை டோன் ஆகா.

சார் இதற்கு ஒரு குறுக்குவழி வைத்திருந்தார். தொல்காப்பியச் செய்யுளியலில் செய்யுளின் உறுப்புகளை அடுக்கும்போது மெய்ப்பாடு தனியாக வரும், கூற்று தனியாக வரும், கேட்போர் தனியாக வரும். "நீ மெய்ப்பாட்ட எழுதிட்டு வந்திருக்க. நான் கேட்டது கூற்றும் கேட்போரும்" என்றார். அகப்பாட்டில் தோழி தலைவியிடம் பேசும்போது ஒரு குரல், சிறைப்புறத்தில் தலைவன் நிற்கிறான் என்று தெரிந்து அவன் காதிலும் விழும்படி அதே தலைவியிடம் பேசும்போது வேறு குரல். செய்தி மாறியிருக்காது. கேட்பவர் மாறியிருப்பார். யார், யாரிடம் என்ற இரண்டு கேள்வியில் ஒன்றுக்காவது பதில் மாறுகிற இடம் எதுவோ அதுதான் தொனி மாறும் இடம். சார் அதைக் கணு என்பார், கரும்புக் கணு மாதிரி.

எனக்கு அது விளங்கியது என்று சொல்ல முடியாது. தலையை ஆட்டினேன். அவருக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே போய்ப் புதுமைப்பித்தன் தொகுதியை எடுத்துவந்து 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையின் தொடக்கத்தைச் சத்தமாக வாசித்தார். பிள்ளைக்கு மேலகரம் என்ற ஊர்ப் பெயரும் இனிஷியல்களும் 'அவர்களும்' சேர்ந்த முழு மரியாதை. பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடுகிற இடத்தில், வண்டி மோதாத ஓரமாகப் பார்த்து நிற்கிறார். ஆழ்ந்த யோசனை. எதைப் பற்றி என்றால் டிராமில் போனால் காலணா மிஞ்சும், வெற்றிலை போடலாம். பஸ்ஸில் கண்டக்டரை ஏய்த்துப் போனால் அரைக் கப் காப்பி குடிக்கலாம், ஆனால் வெற்றிலை கிடையாது. வாசித்து முடிக்குமுன் நான் சிரித்துவிட்டேன்.

"எங்க சிரிச்ச?"

காலணாவில்.

"அதுக்கு முன்னால யாரு பேசினா, யாருகிட்ட?"

யோசித்தேன். கல்யாணப் பத்திரிகை மாதிரி, மேடையில் தலைவரை அறிமுகம் செய்கிறவர் மாதிரி ஒரு குரல், சபையைப் பார்த்துப் பேசுகிறது. காலணாவில் அந்தக் குரல் போய்விடுகிறது. பிள்ளை தன் மடியைத் தொட்டுப் பார்த்துத் தனக்குத்தானே பேசுகிறார். சபைக்கு முன்னால் மாலை போட்ட ஆளின் மடியை அடுத்த வரியிலேயே அவிழ்த்துக் காட்டிவிட்டார்கள், அதனால் சிரிப்பு. மேலகரம் எங்களுக்குத் தென்காசிக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர். அந்த 'அவர்கள்' எந்த அளவுக்கு நிஜ மரியாதை, எந்த அளவுக்குக் கிண்டல் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தாய்மொழியில் காது தானாக வேலை செய்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அதே வேலையைக் கண்ணும் பென்சிலும் செய்ய வேண்டியிருக்கிறது. எழுதப் பழகியது ஆங்கிலத்தில், கேட்கப் பழகியது தமிழில் என்றால் இந்தத் தாளில் அவதிதான்.

பிறகுதான் மான்ஸ்ஃபீல்டுக்கு வந்தோம். அந்தப் பத்தியில் ஏழு வாக்கியங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் பென்சிலால் 'யார், யாரிடம்' என்று மட்டும் குறிக்கச் சொன்னார். பெயரடை எதுவும் எழுதக் கூடாது.

முதல் வாக்கியம் சின்னது. 'மற்றும்' என்ற பொருள்படும் இணைப்புச் சொல்லில் தொடங்குகிறது. முன்னால் ஒன்றுமே இல்லாதபோது எதோடு இணைப்பது? நாம் வருமுன்பே அந்த வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். மழை வருமோ என்று கவலைப்பட்டிருக்கிறார்கள், கடைசியில் வானம் நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டாவது வாக்கியம் அதையே நீட்டுகிறது. கடையில் ஆர்டர் கொடுத்து வாங்கியிருந்தால்கூட இதைவிட நல்ல நாள் கிடைத்திருக்காதாம். பென்சிலால் 'வீட்டு அம்மா, வீட்டாரிடம்' என்று எழுதினேன். ஆர்டர் என்ற சொல்லுக்கு அடியில் சார் ஒரு கோடு போட்டார். கேக்கையும் நாற்காலியையும் ஆர்டர் கொடுத்துப் பழகியவர்கள்தான் வானத்தைப் பற்றியும் அப்படிப் பேசுவார்கள்.

மூன்றாவதில் வினைச்சொல்லே இல்லை. காற்றில்லை, இதமான வெப்பம், மேகமில்லாத வானம். நாலாவது அதில் ஒரு சின்னத் திருத்தம் செய்கிறது: நீலத்தின் மேல் மெல்லிய பொன்னிறப் படலம், கோடைத் தொடக்கத்தில் சில சமயம் இருக்குமே அதுபோல. இங்கே யார் பேசுகிறார்? வீட்டு அம்மா இல்லை. அந்தம்மாவுக்கு மழை இல்லை என்றால் போதும், படலம் எதற்கு? யாரோ தனியாக நின்று மேலே பார்க்கிறார்கள். 'யாரிடமும் இல்லை' என்று எழுதினேன். சார் என் முதுகில் தட்டினார்.

இந்த இடத்தில் அவர் சொன்னது எனக்குப் பிற்பாடு பலமுறை உதவியது. இரண்டாம் வாக்கியமும் மூன்றாம் வாக்கியமும் வானிலையைப் பற்றித்தான். பொருள் மாறவில்லை, தொனி மாறிவிட்டது. நாலாம் வாக்கியத்திலிருந்து ஐந்தாவதற்குப் போகும்போது வானத்திலிருந்து தோட்டத்துக்கு இறங்குகிறோம். பொருள் மாறிவிட்டது, தொனி அநேகமாக அதேதான், அமைதியாகப் பார்க்கும் குரல். முதல் தேர்வில் என் வகுப்பில் பாதிப்பேர் 'இப்போது தோட்டத்தைப் பற்றிச் சொல்கிறார், இங்கே தொனி மாறுகிறது' என்று எழுதியிருந்தார்களாம். விஷயம் மாறினால் தொனி மாறும் என்று நினைப்பது இந்தத் தாளில் எல்லோரும் விழுகிற குழி.

ஐந்தாவதில் தோட்டக்காரர் வருகிறார். விடியற்காலையிலிருந்து எழுந்து புல்லை வெட்டி, பெருக்கி, புல்லும் தரையோடு படிந்த கரும்பச்சை வட்டங்களும் பளபளக்கும் வரை வேலை செய்திருக்கிறார். அந்த வட்டங்கள் டெய்சிச் செடிகள் முன்பு இருந்த இடங்கள். பத்தியிலேயே அதுவரை வந்ததில் நீளமான வாக்கியம் இது. வேலை செய்கிற ஒரே மனிதர் இவர்தான். பெயர் கிடையாது. நான் அவசரமாகத் தாண்டப் பார்த்தேன். "இதுல ஒண்ணும் இல்ல சார், வர்ணனைதான்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் அடுத்ததைக் காட்டினார்.

ஆறாவது வாக்கியம் 'ரோஜாக்களை எடுத்துக்கொண்டால்' என்ற ரீதியில் தொடங்கி உடனே 'நீங்கள்' என்று நம்மை விளிக்கிறது. தோட்ட விருந்துக்கு வருகிறவர்களை அசத்தும் பூ தாங்கள் மட்டும்தான் என்று ரோஜாக்களுக்கே தெரிந்திருக்கிறது போல நமக்குத் தோன்றுமாம். நடுவில் ஓர் அரைப்புள்ளி. அதற்கப்புறம் வால் மாதிரி ஒரு துண்டு: எல்லோரும் நிச்சயமாக அடையாளம் கண்டுகொள்ளும் பூவும் அது ஒன்றுதான். அந்த அரைப்புள்ளி வரைக்கும் பேசுவது வீட்டு அம்மாவாக இருக்கலாம். அதற்குப் பிறகு வருவதை அந்தம்மா சொல்லமாட்டார். தன் விருந்தாளிகளுக்கு ரோஜாவைத் தவிர வேறு பூ தெரியாது என்று எந்த வீட்டம்மா சொல்வார்? எழுதியவர் அந்தம்மாவின் குரலை வாங்கி நம் பக்கம் திரும்பிக் கண் சிமிட்டுகிறார். 'எழுத்தாளர், நம்மிடம்' என்று குறித்தேன்.

கடைசி வாக்கியத்தில் குரல் ஏறிவிடுகிறது. ஒரே இரவில் நூற்றுக்கணக்கில் பூத்துவிட்டன. யாரோ நம்பாமல் பார்த்தாற்போல 'ஆமாம், நிஜமாகவே' என்று வற்புறுத்திச் சொல்லி, எண்ணிக்கையை இரண்டாம் முறை சொல்கிறது. காற்புள்ளிக்குக் காற்புள்ளி மூச்சு வாங்குகிறது. சின்னப் பெண் ஒருத்தி ஓடிவந்து சொல்கிற மாதிரி. முடிவில் தேவதூதர்கள் வந்து போனாற்போலச் செடிகள் தலைவணங்கி நிற்கின்றன. ஆர்டர் கொடுத்து வாங்குகிற நாளில் ஆரம்பித்த பத்தி ஏழு வாக்கியத்தில் தேவதூதரில் வந்து நிற்கிறது.

"இப்ப கணு எங்க?"

ஏழாவது என்றேன். சத்தம் அங்கேதான் அதிகம். சார் ஒத்துக்கொள்ளவில்லை. ஏழாவதில் சத்தம் உச்சத்துக்குப் போகிறது, ஆனால் திரும்பியது ஆறாவதில், அந்த 'நீங்கள்' என்ற சொல்லில். அதுவரை நாம் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தோம். 'நீங்கள்' என்றதும் நம்மையும் விருந்துக்குச் சேர்த்துக்கொண்டார்கள், சேர்த்த கையோடு விருந்தாளிகளைக் கேலியும் செய்தார்கள். அந்தக் கேலியைக் கேட்ட காதோடு ஏழாவதைப் படிப்பதால்தான் தேவதூதரை முழுக்க நம்பவும் முடியவில்லை, முழுக்கச் சிரிக்கவும் முடியவில்லை. உச்சத்தை எவனும் பார்த்துவிடுவான், திரும்பிய இடத்தைப் பார்த்தவனுக்குத்தான் மார்க் என்பது அவர் கணக்கு.

'ஐரனி' என்ற சொல்லுக்கும் ஒரு விலை வைத்திருந்தார். அதைப் பயன்படுத்தினால் யார் யாரைக் கேலி செய்கிறார், எந்தச் சொல்லில் என்று அதே வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும். முடியாவிட்டால் அடித்துவிட வேண்டும். என் ஆறு பக்கத்தில் அந்தச் சொல் ஒன்பது தடவை வந்திருந்ததாம். எண்ணியிருக்கிறார்.

நேரக் கணக்கு எளிமையானது. அறுபது நிமிடத்தில் முதல் பதினைந்து நிமிடம் பேனாவைத் தொடக் கூடாது. ஒரு தடவை சும்மா படிப்பது, ஒரு தடவை வாய்க்குள் படிப்பது, ஒரு தடவை பென்சிலோடு. வாய்க்குள் படிக்கும்போது மூச்சு எங்கே நிற்கிறதோ அங்கே ஏதோ இருக்கும். (ஹாலில் உதடு அசைந்தால் சூப்பர்வைசர் வந்து நிற்பார், நிற்கட்டும்.) அடுத்த ஐந்து நிமிடம் எதை விடுவது என்று முடிவு செய்ய. ஏழு வாக்கியத்தையும் வரிசையாக எழுதிக்கொண்டு போனால் அது உரையாசிரியர் வேலை, நேரம் போதாது, ஏழாவதற்குப் போவதற்குள் மணி அடித்துவிடும். கடைசியில்தான் விஷயமே இருக்கிறது. ஆகவே இரண்டு அல்லது மூன்று குரலுக்கு மேல் எடுத்துக்கொள்ளக் கூடாது. பத்தி எங்கிருந்து எங்கே போகிறது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டு, கணுவுக்குப் போய், அங்கிருந்து பின்னால் திரும்பி முதல் வரியைப் பார்க்க வேண்டும். முப்பத்தைந்து நிமிடம் எழுத, மிச்சம் ஐந்து நிமிடம் பெயரடைகளை அடிக்க.

எல்லாப் பத்தியிலும் தொனி மாறிவிடாது. மாறாத பத்தியைக் கொடுத்துவிட்டால் மாறவில்லை என்றே எழுதலாமா என்று கேட்டேன். எழுதலாம், ஆனால் எது மாறியிருக்கக் கூடிய இடம், ஏன் அங்கே மாறாமல் பிடித்து வைத்திருக்கிறார் என்று சொல்ல வேண்டும் என்றார். அப்படி ஒரு பத்தி எனக்குத் தேர்வில் வரவே இல்லை.

அன்று மதியம் சாப்பாடு போட்டார்கள். சாப்பிட்டதும் அலாரம் கடிகாரத்தை ஒரு மணி நேரத்துக்குத் திருகி என் முன்னால் வைத்துவிட்டு, அதே பத்தியை மறுபடி எழுதச் சொல்லிவிட்டு அவர் தூங்கப் போய்விட்டார். பதினைந்து நிமிடம் பேனாவைத் தொடாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கை எழுதத் துடிக்கிறது, கடிகாரம் காதருகே ஓடுகிறது. ஆனால் மூன்றாம் தடவை படிக்கும்போதுதான், சாப்பாட்டுக்கு முன் நான் தாண்டிப்போன ஐந்தாம் வாக்கியம் பிடிபட்டது. அந்த டெய்சிகள். அவை இப்போது இல்லை, முன்பு இருந்த இடம்தான் இருக்கிறது. விருந்துக்காகப் பிடுங்கியிருக்கிறார்கள். யார் பிடுங்கினார் என்று வாக்கியம் சொல்லவில்லை, வருத்தப்படவும் இல்லை. அடுத்த வாக்கியத்தில் ரோஜாவுக்கு அத்தனை பெருமை. சாதாரணப் பூவை எடுத்துவிட்டு, எல்லோருக்கும் தெரிந்த பூவை வைத்துக் கொண்டாடுகிற வீடு. ரோஜாக்கள் ஒரே இரவில் தாமாகப் பூத்ததாகச் சொல்கிறார்கள், விடியலிலிருந்து பெருக்கியவருக்கு அந்தக் குரலில் இடமில்லை. கதையின் முடிவைத் தெரிந்துகொண்டு நான் முன்பு கத்திச் சொன்னதெல்லாம் இந்தக் குரலில்லாத ஒரு வாக்கியத்தில் ஏற்கெனவே இருந்தது. அதைச் சொல்ல வண்டிக்காரனின் பிணம் தேவைப்படவில்லை.

இதை எழுத ஆரம்பித்தபோது நேரம் முடியும் தறுவாயில் இருந்தது. ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் அலாரம் அடித்துவிட்டது. சார் எழுந்துவந்து முகம் கழுவி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். இரண்டரைப் பக்கம். ஐரனி ஒரே ஒரு இடத்தில்.

இருபதுக்குப் பதின்மூன்று போட்டார். ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு: 'தோட்டக்காரருக்கு இன்னும் இரண்டு வரி கொடுத்திருக்கலாம்.'